சம்பளம் கூடியும் ஓய்வூதியப் புள்ளி குறைவது ஏன்?

கேள்வி: "ஜெர்மனியில் வேலை செய்கிறேன். 2023-இல் 42,000, 2024-இல் 43,500, 2025-இல் 45,000 யூரோ சம்பளம். சம்பளம் ஏறுகிறது, ஆனால் நானே கணக்குப் போட்டுப் பார்த்தால் அரசு ஓய்வூதியப் புள்ளி ஒவ்வொரு வருடமும் இறங்குகிறது. எங்கே தப்பு? ஒரு புள்ளிக்கு இத்தனை யூரோ என்று யார் முடிவு செய்கிறார்கள்?"

உங்கள் கணக்கில் தப்பு இல்லை. புள்ளி உண்மையிலேயே இறங்குகிறது. நான் பல வருடங்களாக ஊதியக் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். இதே குழப்பத்தோடு வருடத்துக்கு நாலைந்து பேராவது என் மேசைக்கு வருவார்கள். சம்பளம் ஏறும்போது புள்ளியும் ஏற வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றும். ஆனால் இங்கே புள்ளி என்பது நீங்கள் எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்பதன் அளவு இல்லை. அந்த வருடம் மற்றவர்களோடு ஒப்பிட்டால் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பதன் அளவு.

கணக்கு இவ்வளவுதான்: உங்கள் வருட மொத்தச் சம்பளத்தை, அதே வருடத்தில் அரசு ஓய்வூதியக் காப்பீட்டில் இருந்த எல்லோருடைய சராசரிச் சம்பளத்தால் வகுக்க வேண்டும். சராசரியாகச் சம்பாதித்தவருக்குச் சரியாக 1 புள்ளி. பாதி சம்பாதித்தவருக்கு அரைப் புள்ளி. நான்கு தசம இடம் வரை கணக்கிடுவார்கள். 2023-க்கான இறுதிச் சராசரி 44,732 யூரோ. உங்கள் 42,000-ஐ அதால் வகுத்தால் 0.9389. 2024-க்கான இறுதிச் சராசரி 47,085 யூரோ. 43,500-ஐ வகுத்தால் 0.9239. 2025-க்கு இப்போதைக்குத் தற்காலிகச் சராசரியான 50,493 யூரோவை வைத்துப் பார்த்தால், 45,000-க்கு 0.8912 வருகிறது. உங்கள் சம்பளம் வருடத்துக்கு மூன்றரை சதவீதம் அளவில் ஏறியிருக்கிறது. 2023-இலிருந்து 2024-க்குச் சராசரி மட்டும் ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது. விலைவாசி ஏறிய காலத்தில் தொழிற்சங்கங்கள் பேசி வாங்கிய ஊதிய உயர்வுகள் சராசரியைத் தூக்கிவிட்டன. நீங்கள் நடந்துகொண்டுதான் இருந்தீர்கள், கூட வந்தவர்கள் உங்களைவிட வேகமாக நடந்தார்கள்.

2025-க்கான எண்ணை மட்டும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். ஒரு வருடம் முடிந்து எல்லோருடைய சம்பளமும் கணக்குக்கு வர நாளாகும் என்பதால், முதலில் ஒரு தற்காலிகச் சராசரியை அறிவிப்பார்கள். அதில் யாருடைய கணிப்பும் கிடையாது, சட்டத்திலேயே எழுதிவைத்த ஒரு எளிய விதிதான். இரண்டு வருடத்துக்கு முந்தைய இறுதிச் சராசரியை எடுத்து, அந்த வருடம் ஊதியம் எத்தனை சதவீதம் வளர்ந்ததோ அதன் இரு மடங்கைக் கூட்டுவார்கள். 2023-இல் வளர்ச்சி அதிகமாக இருந்ததால், அது இரட்டிப்பாகி, தற்காலிகச் சராசரி 2024-க்கான 45,358-லிருந்து 2025-க்கு ஒரேயடியாக 50,493-க்குத் தாவியது. இறுதி எண் வேறாக வரலாம். 2024-க்குத் தற்காலிகம் 45,358 என்றார்கள், இறுதியில் 47,085 ஆனது. அதனால் 0.8912 என்பது இன்றைய மதிப்பீடு. முதல் இரண்டு எண்கள்தான் உறுதியானவை.

இந்தத் தற்காலிக எண்ணை ஒதுக்கிவிடவே முடியாத ஒரு இடமும் உண்டு. ஒருவர் ஓய்வூதியம் வாங்கத் தொடங்கும் வருடத்துக்கும் அதற்கு முந்தைய வருடத்துக்கும் தற்காலிகச் சராசரியை வைத்தே புள்ளி போடுவார்கள். பிறகு இறுதி எண் வந்தாலும் திருத்த மாட்டார்கள். 2024-இல் 45,358 யூரோ சம்பாதித்த ஒருவர் 2025-இல் ஓய்வு பெற்றிருந்தால், 2024-க்கு அவருக்குச் சரியாக 1 புள்ளி. அதே சம்பளம் வாங்கியவர் 2026-இல் ஓய்வு பெற்றால் இறுதிச் சராசரியால் வகுப்பார்கள், 0.9633 தான் கிடைக்கும். இன்றைய மதிப்பில் மாதத்துக்கு ஒன்றரை யூரோ வித்தியாசம். சின்னத் தொகைதான், இதற்காக யாரும் ஓய்வுத் தேதியை மாற்ற வேண்டாம். ஆனால் ஒரே சம்பளம் வாங்கிய இரண்டு பேரின் கணக்கு ஏன் பொருந்தவில்லை என்று ராத்திரி முழுக்கக் கூட்டிக் கழித்துப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும்.

மேல்பக்கம் ஒரு உச்சவரம்பு உண்டு. 2025-இல் வருடத்துக்கு 96,600 யூரோவுக்கு மேல் உள்ள சம்பளத்துக்குச் சந்தாவும் பிடிக்க மாட்டார்கள், புள்ளியும் தர மாட்டார்கள். அதைச் சராசரியால் வகுத்தால் 1.91. எவ்வளவு சம்பாதித்தாலும் ஒரு வருடத்தில் கிட்டத்தட்ட இரண்டு புள்ளியைத் தாண்ட முடியாது. சம்பளமே இல்லாமல் புள்ளி வருவதும் உண்டு. 1992 முதல் பிறந்த பிள்ளை ஒவ்வொன்றுக்கும், வளர்த்த பெற்றோருக்கு மூன்று வருடம் சராசரிச் சம்பளம் வாங்கியது போலக் கிட்டத்தட்ட மூன்று புள்ளி எழுதுவார்கள். மணமுறிவு ஆனால், திருமணக் காலத்தில் இருவரும் சேர்த்த புள்ளிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்துவிடுவார்கள். பணமாக இல்லாமல் புள்ளியாக எழுதிவைப்பதால்தான் இதெல்லாம் இவ்வளவு சுலபமாக நடக்கிறது.

சரி, புள்ளியை யூரோவாக்குவது எப்படி? வாழ்நாள் புள்ளிகளையெல்லாம் கூட்டி, அதை ஒரு புள்ளியின் அன்றைய மதிப்பால் பெருக்கினால் மாத ஓய்வூதியம். சட்டப்படியான வயதுக்கு முன்பே போனால் ஒவ்வொரு மாதத்துக்கும் 0.3 சதவீதம் வெட்டு, தள்ளிப்போட்டால் ஒவ்வொரு மாதத்துக்கும் 0.5 சதவீதம் கூடுதல். உடல்நிலை காரணமாகப் பகுதி நேரம் மட்டுமே வேலை செய்ய முடிகிறவருக்கும், துணையை இழந்தவருக்கும் வேறு விகிதங்கள் உண்டு. உங்களுக்கு இப்போது அது வேண்டாம். 2025 ஜூலை 1 முதல் ஒரு புள்ளிக்கு மாதம் 40.79 யூரோ, இன்றைய மதிப்பு என்று நான் சொல்வதெல்லாம் இதைத்தான். உங்கள் மூன்று வருடத்துக்கும் சேர்த்து 2.7540 புள்ளி, அதாவது இன்றைய மதிப்பில் மாதம் 112.34 யூரோ. மூன்று வருட உழைப்புக்கு வாழ்நாள் முழுக்க மாதா மாதம் இவ்வளவு. வரிக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் பிடிப்பதற்கு முந்தைய தொகை இது.

எனக்கு இந்த ஏற்பாட்டிலேயே அழகாகத் தெரிகிற இடம் ஒன்று உண்டு. 2023-இல் நீங்கள் சேர்த்த 0.9389 புள்ளிக்கு அந்த வருடம் ஜூலையில் இருந்த மதிப்பு, புள்ளிக்கு 37.60 யூரோ வீதம், 35.30 யூரோ. இன்று அதே 0.9389-க்கு 38.30 யூரோ. நீங்கள் எதுவும் செய்யவில்லை, பழைய புள்ளி தானாக மூன்று யூரோ ஏறிவிட்டது. ஏன் ஏறியது? நாடு முழுக்க ஊதியம் ஏறியதால். உங்கள் புதிய புள்ளியைச் சிறிதாக்கியது எதுவோ, அதுவேதான் உங்கள் பழைய புள்ளியைப் பெரிதாக்கியது. இருபது வயதில் சொற்பச் சம்பளத்துக்கு வாங்கிய புள்ளிக்கும் அறுபது வயதில் பெரிய சம்பளத்துக்கு வாங்கிய புள்ளிக்கும் ஓய்வு பெறும் நாளில் ஒரே விலை. கடைசிச் சம்பளத்தை வைத்து ஓய்வூதியம் போடும் திட்டங்களில் கடைசி வருடங்களில் பதவி உயர்வு வாங்கியவருக்கு லாபம். இங்கே ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரே எடை.

இப்போது இரண்டாவது கேள்வி. புள்ளியின் மதிப்பை ஒவ்வொரு வருடமும் மத்திய அமைச்சரவை ஒரு ஆணையாக வெளியிடும். மாநிலங்களின் அவை ஒப்புதல் தர வேண்டும். ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வரும். ஆனால் அமைச்சர்கள் உட்கார்ந்து பேசி இந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பதில்லை. சட்டத்தில் ஒரு சூத்திரம் இருக்கிறது, அதில் எண்களைப் போட்டால் விடை வந்துவிடும். அரசியல் நடப்பது சூத்திரத்தை எழுதும் இடத்தில்.

அந்தச் சூத்திரத்தின் முதுகெலும்பு ஊதிய வளர்ச்சி. போன வருடம் ஊதியம் அதற்கு முந்தைய வருடத்தைவிட எத்தனை சதவீதம் ஏறியதோ, அதே அளவு புள்ளியின் மதிப்பும் ஏற வேண்டும் என்பது தொடக்கம். விலைவாசி இதில் நேரடியாக வருவதே இல்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டாவதாகச் சந்தா விகிதம். வேலை செய்பவர்கள் கட்டும் சந்தா ஏறினால் அவர்கள் கைக்கு வருவது குறையும், அதனால் ஓய்வூதிய உயர்வும் அந்த அளவுக்குக் குறையும். 2018-லிருந்து சந்தா 18.6 சதவீதத்திலேயே நிற்பதால், அண்மை வருடங்களில் இந்தப் பகுதி பெரிதாக எதையும் அசைக்கவில்லை.

மூன்றாவது பகுதிதான் சர்ச்சைக்குரியது. 2004-இல் சட்டமாகி 2005 முதல் கணக்கில் வந்தது. சந்தா கட்டுபவர்களோடு ஒப்பிட்டு ஓய்வூதியம் பெறுபவர்கள் எத்தனை பேர் என்ற விகிதத்தை இது பார்க்கும். அந்த விகிதம் ஏறினால், ஏற்றத்தில் நான்கில் ஒரு பங்கை ஓய்வூதிய உயர்விலிருந்து கழிக்கும். என் கற்பனை எண்களில் சொல்கிறேன். 200 பேர் சந்தா கட்டுகிறார்கள், 100 பேர் ஓய்வூதியம் வாங்குகிறார்கள். விகிதம் 0.50. அடுத்த வருடம் 102 பேர் வாங்குகிறார்கள், விகிதம் 0.51. ஏற்றம் 2 சதவீதம். அதில் நான்கில் ஒரு பங்கு அரை சதவீதம். அந்த வருடம் ஊதியம் 3 சதவீதம் ஏறியிருந்தால், புள்ளியின் மதிப்பு 3 ஏறாமல் 2.5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறும். மக்கள்தொகை மூப்படையும் சுமையைச் சந்தா கட்டுபவர், ஓய்வு பெற்றவர் என்ற இரு தரப்பும் பகிர வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம். ஒரு வருடத்தில் அரை சதவீதம் சின்னதாகத் தெரியும். இருபது வருடம் தொடர்ந்தால் ஊதியம் ஒரு பாதையிலும் ஓய்வூதியம் அதற்குக் கீழே இன்னொரு பாதையிலும் போய்விடும்.

அந்தப் பிளவைத் தடுக்கத்தான் சூத்திரத்தின் மேல் வேலிகளைப் போட்டிருக்கிறார்கள். ஒரு வேலி, எந்த வருடமும் மதிப்பு இறங்கக் கூடாது என்பது. அது 2021-இல் வேலை செய்ததை நான் பார்த்தேன். பெருந்தொற்றால் 2020-இல் ஊதியம் சரிந்தது. சூத்திரப்படி மேற்கு ஜெர்மனியில் மதிப்பு மூன்று சதவீதத்துக்கு மேல் இறங்கியிருக்க வேண்டும், ஆனால் 34.19 யூரோவிலேயே நின்றது. (அப்போது கிழக்குக்கும் மேற்குக்கும் தனித்தனி மதிப்பு இருந்தது. 2023 ஜூலையில்தான் ஒன்றானது.) தவிர்த்த இறக்கத்தை அடுத்து வரும் உயர்வில் கழித்துக்கொள்ளும் விதியைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்திருந்தார்கள். 2022-இல் அதைத் திரும்பக் கொண்டுவந்ததால், அந்த வருட உயர்வு இருந்திருக்க வேண்டியதைவிடச் சற்றுக் குறைந்து மேற்கில் 5.35 சதவீதமாக வந்தது.

இன்னொரு வேலி 48 சதவீத வரம்பு. 2018-இல் எழுதியது, 2025 வரை என்று இருந்தது, 2025 டிசம்பரில் 2031 வரை நீட்டித்தார்கள். இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். "என் கடைசிச் சம்பளத்தில் 48 சதவீதம் வரும்" என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். இது யாருடைய தனிப்பட்ட சம்பளத்தையும் பற்றியது அல்ல. 45 வருடம், ஒவ்வொரு வருடமும் சரியாக 1 புள்ளி சேர்த்த ஒரு மாதிரி மனிதரின் ஓய்வூதியத்தை, அதாவது இன்று 45 பெருக்கல் 40.79, 1,835.55 யூரோவை, அன்றைய சராசரி ஊதியத்தோடு ஒப்பிடும் அளவுகோல் அது. இரண்டிலும் சமூகக் காப்பீட்டுச் சந்தாவைக் கழித்திருப்பார்கள், வரியைக் கழிக்க மாட்டார்கள். நீங்கள் 30 வருடம்தான் வேலை செய்தீர்கள் என்றால் உங்கள் விகிதம் வேறு. ஆனால் இந்த வரம்பு உங்களுக்கும் உதவுகிறது, ஏனென்றால் எல்லோருக்கும் புள்ளி மதிப்பு ஒன்றுதான். 2024-இல் 39.32 ஆனதும் 2025-இல் 40.79 ஆனதும் இந்த வேலி வழியாக வந்த எண்கள்தான். அந்த இரண்டு வருடமும் மதிப்பை இந்த 48 சதவீத வரம்பே தீர்மானித்தது.

எல்லாப் புள்ளித் திட்டமும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரான்ஸில் வேலை பார்க்கும் நண்பரோடு பேசிக் குழம்பியவர்கள் நிறைய. தனியார் துறை ஊழியர்களுக்கான துணை ஓய்வூதியம் அங்கே அஜிர்க்-ஆர்க்கோ என்ற அமைப்பின் வழியாக வருகிறது. அங்கே புள்ளியைச் சராசரியோடு ஒப்பிட்டுத் தருவதில்லை, வாங்கும் விலை ஒன்று வைத்திருக்கிறார்கள். 2025-இல் ஒரு புள்ளியின் விலை 20.1877 யூரோ. அதே 45,000 யூரோ சம்பளத்தில் 6.20 சதவீதம், 2,790 யூரோ. அதை விலையால் வகுத்தால் 138.20 புள்ளி. ஒரு புள்ளிக்கு வருடத்துக்கு 1.4386 யூரோ வீதம், வருடத்துக்கு சுமார் 199 யூரோ ஓய்வூதியம் சேரும். இதில் ஒரு நுணுக்கம்: முதலாளியும் ஊழியரும் சேர்ந்து நிஜமாகக் கட்டுவது சம்பளத்தில் 7.87 சதவீதம். 6.20-க்கு மேல் உள்ள பகுதிக்குப் புள்ளி கிடையாது, அது அமைப்பை நிற்க வைப்பதற்காகக் கட்டுவது. வாங்கும் விலை, தரும் மதிப்பு ஆகிய இரண்டையும் தொழிலாளர், முதலாளி அமைப்புகள் பேசித் தீர்மானிக்கின்றன. பேச்சு முறிந்தால் மதிப்பு அப்படியே நிற்கும், 2025 நவம்பரில் அதுதான் நடந்தது. விலையைக் கூட்டி மதிப்பை நிறுத்தி வைத்தால், சத்தமில்லாமல் அடுத்த தலைமுறையின் வருமானம் குறையும். ஜெர்மனியிலும் ஒரு மறைமுக விலை உண்டு: 2025-இல் சராசரிச் சம்பளத்தின் 18.6 சதவீதம், கிட்டத்தட்ட 9,392 யூரோ, முதலாளியின் பாதியையும் சேர்த்து. ஆனால் அந்த விலையும் மதிப்பும் ஒரே ஊதியத்தின் பின்னால் ஓடுவதால், இரண்டையும் தனித்தனியாக அசைப்பது கடினம்.

இதில் எது உறுதி, எது இல்லை என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். சேர்த்து முடித்த புள்ளி உறுதி. 2023-க்கான உங்கள் 0.9389 இனி மாறாது. ஓய்வு பெறும் அன்று அது எத்தனை யூரோ என்பது எவராலும் சொல்ல முடியாத விஷயம், அது அப்போதைய ஊதியத்தையும் அதற்குள் நாடாளுமன்றம் மாற்றியிருக்கும் விதிகளையும் பொறுத்தது. 27 வயது முடிந்து ஐந்து வருடச் சந்தா இருப்பவர்களுக்கு வருடாந்தர அறிவிப்புக் கடிதம் வரும். அதில் வருடத்துக்கு 1 சதவீதம், 2 சதவீதம் உயர்ந்தால் என்று இரண்டு தொகைகள் இருக்கும். அந்தப் பெரிய எண்ணைப் பார்த்து மனக்கோட்டை கட்டாதீர்கள். அது அந்தக் காலத்து யூரோ, அதற்குள் விலைவாசியும் ஏறியிருக்கும். எந்த உயர்வும் சேர்க்காத தொகைதான் இன்றைய வாங்கும் சக்திக்கு நெருக்கமானது.

புள்ளி மதிப்பு உங்கள் கையில் இல்லை. புள்ளிக்கு அடியில் இருக்கும் சம்பளப் பதிவு உங்கள் கையில் இருக்கிறது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் 2022-இல் 40,000 யூரோ சம்பாதித்தார். அவருடைய முந்தைய நிறுவனம் வருடக் கடைசியில் ஊதியக் கணக்கு மென்பொருளை மாற்றியபோது, கடைசி மூன்று மாதச் சம்பளம் காப்பீட்டுக்குப் போகவில்லை. பதிவில் 30,000 என்று இருந்தது. அந்த வருடச் சராசரி 42,053 யூரோ. விடுபட்ட 10,000-க்கு 0.2378 புள்ளி, இன்றைய மதிப்பில் மாதம் 9.70 யூரோ, வாழ்நாள் முழுக்க. அவர் சம்பளச் சீட்டுகளை வைத்திருந்ததால் திருத்த முடிந்தது. ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் இறுதிக்குள் உங்கள் நிறுவனம் முந்தைய வருடத்துச் சம்பள அறிக்கையின் நகலைத் தர வேண்டும். அதில் இருக்கும் தொகையை டிசம்பர் சம்பளச் சீட்டில் இருக்கும் வருட மொத்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பிறகு ஓய்வூதியக் காப்பீட்டிடம் கேட்டு வாங்கும் பதிவுப் பட்டியலில் அதே எண் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் மூன்று வருடமும் 42,000, 43,500, 45,000 என்று அதில் இருந்தால், மேலே போட்ட கணக்கு அப்படியே பொருந்தும்.